காலண்டருடன் வைக்கும் கடிதத்தில் எழுத வேண்டியதும் எழுதக் கூடாததும்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். வருஷா வருஷம் டிசம்பரில் 140 கம்பெனிகளுக்கு மாதக் காலண்டரும் டைரியும் அனுப்புகிறோம். 2027 காலண்டர் அச்சாகி வந்துவிட்டது. கூட வைக்கிற கடிதத்துக்குப் போன வருஷக் கடிதத்தையே வருஷத்தை மட்டும் மாற்றி எடுக்கச் சொல்கிறார் முதலாளி. அதிலேயே புதிய வங்கிக் கணக்கு எண்ணையும், பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டலையும் சேர்த்துவிடச் சொல்கிறார். போன வருஷம் ஓசூருக்கு அனுப்பியதில் ஆறு பார்சல் திரும்பி வந்தது. பழைய கடிதத்தையும், திரும்பி வந்ததில் இரண்டு உறைகளின் படத்தையும் இணைத்திருக்கிறேன். எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?
– ஒரு வாசகி, கப்பலூர், மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் வாசகத்துக்குப் போவதற்கு முன்னால், திரும்பி வந்த உறைகள் ஆறும் இன்னும் உங்கள் அலமாரியில் இருந்தால் அவற்றை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் கூரியர்காரர் ஒட்டிய சீட்டிலோ, பேனாவால் கிறுக்கிய ஓரத்திலோ திருப்பி அனுப்பியதற்கான காரணம் இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஓர் உறையில் ‘பெற மறுத்தார்’ என்றும், இன்னொன்றில் ‘அப்பெயரில் ஆள் இல்லை’ என்றும் எழுதியிருக்கிறது. இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. முதலாவது, உறைக்குள் இருப்பது என்ன என்பதை வாசலில் நின்றவர் புரிந்துகொள்ள முடியாததால் வந்தது. இரண்டாவது, உங்கள் முகவரிப் பட்டியல் பழையது என்பதால் வந்தது. இரண்டையும் இந்த ஆண்டு கடிதத்தின் மூலமாகவும், கடிதம் எழுதுவதற்கு முன் செய்யும் ஒரு வேலையின் மூலமாகவும் சரிசெய்துவிடலாம்.

மறுக்கப்பட்ட உறையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெரிய தொழிற்சாலைக்கு வரும் பார்சல் நேராக அதிகாரியின் மேசைக்குப் போவதில்லை. வாசலில் இருக்கும் காவலர் அதை வாங்கிப் பதிவேட்டில் எழுதுகிறார். பிறகு தபால் பிரிவில் இருப்பவர் இன்வர்ட் எண் போட்டு உரிய துறைக்கு அனுப்புகிறார். அதற்குப் பிறகுதான் நீங்கள் நினைத்த மனிதர் அதைப் பார்க்கிறார். வாசலில் இருப்பவர் உறையைப் பிரிக்க மாட்டார். மேலே உள்ள எழுத்தை மட்டும்தான் படிப்பார். உங்கள் உறையின் மேல் ஒரு தனிநபரின் பெயரும், மூலையில் சிவப்பு நிறத்தில் ‘கிஃப்ட்’ என்ற ஸ்டிக்கரும் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சப்ளையர்களிடமிருந்து ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று எழுத்துபூர்வமான விதி இருக்கிறது. அந்த விதிகளில் பெரும்பாலும் நிறுவனப் பெயர் அச்சிட்ட, குறைந்த மதிப்புள்ள காலண்டருக்கும் டைரிக்கும் விலக்கு உண்டு. ஆனால் உள்ளே இருப்பது காலண்டர்தான் என்பது உறையைப் பார்த்துத் தெரியவில்லை என்றால் அந்த விலக்கால் என்ன பயன்? தனிநபர் பெயரும் பரிசு என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், திருப்பி அனுப்புவதுதான் காவலருக்குப் பாதுகாப்பான வழி. அவர் செய்ததில் தவறே இல்லை.

ஆகையால் இந்த ஆண்டு அந்த ஸ்டிக்கரை விட்டுவிட்டு, உறையின் மேல் ‘1 மாதக் காலண்டர், 1 டைரி. நிறுவனப் பெயர் அச்சிட்டவை. விற்பனைக்கு அல்ல’ என்று தட்டச்சு செய்து ஒட்டுங்கள். முகவரியில் துறையின் பெயர் முதலிலும், மனிதரின் பெயர் ‘கவனத்திற்கு’ என்ற சொல்லுடன் இரண்டாவதிலும் வரட்டும். அதாவது ‘கொள்முதல் துறை, கவனத்திற்கு: திரு. இன்னார், மேலாளர்’ என்று எழுதினால், அந்த மனிதர் வேறு ஆலைக்கு மாறிப் போயிருந்தாலும் பார்சல் துறைக்குள் போய்ச் சேரும். வீட்டு முகவரிக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம். எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், வீட்டுக்கு வந்த டைரி அவரைச் சங்கடத்தில்தான் மாட்டிவிடும். காலண்டரைக்கூட வாங்குவதில்லை என்று ஒரு நிறுவனம் உங்களிடம் சொல்லியிருந்தால், பட்டியலில் அந்த வரியை நீக்கிவிட்டு வாழ்த்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள். சொற்களை மாற்றி எழுதி எப்படியாவது உள்ளே நுழைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பதை வெளியில் உள்ளபடியே எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

‘ஆள் இல்லை’ என்று வந்த உறைக்கான வேலை கொஞ்சம் நேரம் பிடிக்கும். 140 பெயர்களையும் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் யாராவது எடுத்துப் பதில் சொல்வார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. அதைவிட எளிய வழி உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் வந்த பர்ச்சேஸ் ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இன்று உங்களிடம் வாங்குபவர் அவர்தான். பட்டியலில் இருக்கும் பெயர் ஐந்து வருடத்துக்கு முன் வாங்கியவருடையதாக இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் விட்டுவிடுங்கள். ஒத்துப்போகாத இடங்களில் மட்டும் தொலைபேசியில் கேளுங்கள். என் அனுபவத்தில் இது நான்கில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை.

இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மதுரையில் ஒரு நிறுவனத்தின் கடிதப் பிரிவில் நான் இருந்த காலத்தில், பழைய பட்டியலை அப்படியே அச்சடித்து அனுப்பினேன். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் பேசினார். நான் பெயர் போட்டு, வரும் ஆண்டில் எல்லா நலமும் பெருக வேண்டும் என்று வாழ்த்தியிருந்த மேலாளர் அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். அவருடைய நாற்காலியில் இப்போது உட்காருபவரின் மேசைக்குத்தான் அந்தக் கடிதம் போயிருக்கிறது. அந்த அம்மையார் கோபமாகப் பேசவில்லை. ‘பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் சார்’ என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எந்தப் பட்டியலையும் ஆர்டர் கோப்போடு ஒத்துப் பார்க்காமல் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை.

இனி உங்கள் பழைய கடிதத்துக்கு வருகிறேன். அதன் உடல் மூன்று வாக்கியங்கள்தான்: ‘தங்களின் மேலான ஆதரவினால் எங்கள் நிறுவனம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருவதைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். எங்கள் அன்பின் அடையாளமாக இச்சிறு அன்பளிப்பைத் தங்களுக்குச் சமர்ப்பிக்கிறோம். தொடர்ந்து தங்கள் மேலான ஆர்டர்களை வழங்கி எங்களை ஊக்குவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ இதில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பெறுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய எதுவும் இதில் இல்லை. என்ன வந்திருக்கிறது, எத்தனை வந்திருக்கிறது, யாரிடமிருந்து வந்திருக்கிறது என்பது தெரியவில்லை. முதல் வாக்கியம் உங்கள் வளர்ச்சியைப் பற்றியது. அவருடைய வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. காலண்டரைக் கையில் கொடுத்துவிட்டு அதே மூச்சில் ஆர்டர் கேட்கும்போது, அதுவரை இலவசமாக இருந்த பொருளுக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. வாங்குபவர் நேர்மையானவராக இருந்தால் அந்த வாக்கியத்தைப் படித்ததும் டைரியைத் தள்ளி வைத்துவிடுவார்.

இதற்குப் பதிலாக நான் எழுதிப் பார்த்ததை முழுமையாகத் தருகிறேன். உங்கள் லெட்டர்ஹெட்டில், தேதிக்கும் முகவரிக்கும் கீழே இது வரட்டும்:

‘மதிப்பிற்குரிய ஐயா,

இத்துடன் 2027ஆம் ஆண்டுக்கான எங்கள் மாதக் காலண்டர் ஒன்றும் டைரி ஒன்றும் தங்கள் துறையின் பயன்பாட்டுக்காக அனுப்பியுள்ளோம்.

இந்த ஆண்டு தங்கள் நிறுவனத்துக்கு ரப்பர் பாகங்கள் செய்து தரும் வாய்ப்பை எங்களுக்குத் தந்ததற்கு நன்றி. மாதிரிகளைச் சோதித்து, திருத்த வேண்டியவற்றைத் தங்கள் தரப் பிரிவினர் உடனுக்குடன் தெரிவித்தது எங்கள் வேலைக்குப் பெரிதும் உதவியது.

பொங்கலை முன்னிட்டு ஜனவரி 15 முதல் 17 வரை எங்கள் ஆலைக்கு விடுமுறை. 18ஆம் தேதி திங்கட்கிழமை முதல் சரக்கு அனுப்பத் தொடங்குவோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்றும் ஆலை இயங்காது. இந்த நாட்களை ஒட்டித் தேவைப்படும் சரக்குக்கு ஒரு வாரம் முன்பாகத் தெரிவித்தால் முன்கூட்டியே அனுப்பிவிடுவோம். சரக்கு தொடர்பாகப் பேச வேண்டியவரின் பெயரும் எண்ணும் டைரியின் முதல் பக்கத்தில் உள்ளன.

தங்களுக்கும் தங்கள் துறையினருக்கும் எங்கள் புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்.

தங்கள் உண்மையுள்ள,’

இதன் கீழே முதலாளியின் கையெழுத்து, மையில். ஸ்கேன் செய்த கையெழுத்தை அச்சில் போட வேண்டாம். 140 கையெழுத்துப் போட ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாளைக்கு முப்பது என்று பிரித்துக் கொடுத்தால் ஐந்து நாளில் முடிந்துவிடும்.

ஏன் இப்படி எழுதினேன் என்பதில் இரண்டு இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தில் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் இருக்கின்றன. உறையின் மேல் ஒட்டிய அதே சொற்கள் கடிதத்திலும் இருப்பதால், தபால் பிரிவில் உள்ளவர் பதிவேட்டில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகும். ஓர் உறைக்குள் இரண்டு டைரி வைத்தீர்கள் என்றால் கடிதத்திலும் ‘டைரிகள் இரண்டு’ என்று மாற்ற மறக்காதீர்கள். வழியில் ஒன்று குறைந்தால் அதைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே சான்று இந்தக் கடிதம்தான். ‘தங்கள் துறையின் பயன்பாட்டுக்காக’ என்ற சொற்கள், இது ஒருவருக்குக் கொடுத்த பரிசு அல்ல, அலுவலகச் சுவரிலும் மேசையிலும் இருக்க வேண்டிய பொருள் என்பதைத் தெளிவாக்குகின்றன. நாட்காட்டி, நாட்குறிப்பு என்று எழுதலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம்; அவை நல்ல சொற்கள்தான். ஆனால் பதிவேட்டில் எழுதுகிறவர் காலண்டர், டைரி என்றுதான் எழுதப் போகிறார் என்பதால் இந்த ஒரு தாளில் அந்தச் சொற்களையே வைத்தேன்.

மற்றொன்று விடுமுறை பற்றிய பத்தி. கடிதத்தில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உட்கார்ந்து அசெம்பிளி லைனுக்குச் சரக்கு திட்டமிடுகிறவருக்குப் பொங்கல் விடுமுறை தெரியும். சித்ரா பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்கும்போது மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுவது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவருடைய ஆலை அன்றைக்கு வழக்கம்போல ஓடும். முதல் நாளும் அடுத்த நாளும் மதுரைக்குள் லாரி நுழைவது எவ்வளவு கடினம் என்பதும் அவருக்குத் தெரியாது. அன்று காலையில் அவர் போன் செய்து யாரும் எடுக்கவில்லை என்றால் அது உங்கள் மேல் ஒரு குறையாக நின்றுவிடும். அதை டிசம்பரிலேயே சொல்லிவிட்டால், அவர் காலண்டரைச் சுவரில் மாட்டும்போதே அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ள முடியும். நான் மேலே எழுதியதில் அந்த நாளின் தேதியைப் போடவில்லை. பஞ்சாங்கத்தில் பார்த்து, உங்கள் காலண்டரில் அச்சானதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். கடிதத்தில் ஒரு தேதியும் காலண்டரில் வேறொரு தேதியும் இருந்தால் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நன்றி சொல்லும் வாக்கியத்தைப் பொறுத்தவரை, 140 பேருக்கும் ஒரே வாக்கியம் பொருந்தாது. 140 வாக்கியம் எழுதவும் முடியாது. அதிகம் வாங்கும் இருபது, இருபத்தைந்து பேருக்கு மட்டும், கையெழுத்துக்கு மேலே உள்ள காலி இடத்தில் முதலாளி தம் கையால் ஒரு வரி எழுதட்டும். அது அந்த ஆண்டில் நிஜமாக நடந்த ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஜூன் மாதம் அச்சு பழுதானபோது பத்து நாள் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி’ என்பது போன்ற ஒரு வரி போதும். எத்தனை ஆயிரம் உருப்படி அனுப்பினோம், என்ன விலைக்கு அனுப்பினோம் என்பதை அந்த வரியில் எழுத வேண்டாம். கடிதம் திறந்த மேசையில் கிடக்கும், அதைப் பார்க்கிறவர்களில் உங்கள் போட்டியாளரின் பிரதிநிதியும் இருக்கலாம். மற்றவர்களுக்கு நான் எழுதிய பொது வாக்கியமே போகட்டும். தரப் பிரிவோடு உங்களுக்குத் தொடர்பே இல்லாத வாடிக்கையாளர்களின் கடிதத்தில் மட்டும் இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். நடக்காத ஒன்றுக்கு நன்றி சொன்னால், படிப்பவர் இது எல்லோருக்கும் போன தாள் என்று உடனே கண்டுகொள்வார்.

வங்கிக் கணக்கு எண்ணைப் பற்றி உங்கள் முதலாளியிடம் நீங்கள் தயங்காமல் பேச வேண்டும். இந்தக் கடிதத்தில் அது வரவே கூடாது. இன்று எந்தப் பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலும், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று வரும் கடிதத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்; சப்ளையர் பெயரில் போலிக் கடிதம் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் மோசடி அந்த வழியாகத்தான் நடக்கிறது. எனவே உங்கள் எண்ணை அவர்கள் மாற்ற வேண்டுமென்றால் தனிக் கடிதம், ரத்து செய்த காசோலை, பல இடங்களில் அவர்களுடைய சொந்தப் படிவம், அதன் பிறகு ஏற்கெனவே அவர்களிடம் உள்ள உங்கள் எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று ஒரு முறை இருக்கும். காலண்டரோடு வந்த தாள் இந்த முறைக்குள் நுழையவே நுழையாது. அது கொள்முதல் துறைக்குப் போகும், டைரியிலிருந்து விழும், குப்பைக்குப் போகும். பணம் பழைய கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும். ‘டிசம்பரில் எழுத்தில் தெரிவித்தோமே’ என்று நீங்கள் மார்ச்சில் வாதாடினாலும் பயன் இருக்காது. இன்னொரு கெடுதலும் உண்டு: இந்த வழியில் எண்ணை மாற்றலாம் என்று உங்கள் வாடிக்கையாளரை நீங்களே பழக்கிவிட்டால், அடுத்த ஆண்டு உங்கள் பெயரில் வேறொருவர் அனுப்பும் தாளையும் அவர்கள் நம்பக்கூடும்.

பாக்கி நினைவூட்டலுக்கும் இதே பதில்தான், காரணம் மட்டும் வேறு. காலண்டர் கொள்முதல் துறைக்குப் போகிறது. பணம் கொடுப்பது கணக்குப் பிரிவு. நினைவூட்டல் தவறான மேசையில் போய் விழுவதோடு, வாழ்த்தையும் கசப்பாக்கிவிடும். பில் எண், தேதி, தொகை, கடந்த நாட்கள் ஆகியவற்றை வரிசையாகக் காட்டும் ஸ்டேட்மெண்ட் ஒன்றை ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கணக்குப் பிரிவுக்கு நேராக அனுப்புங்கள். உங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற உற்பத்தி நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணை ஸ்டேட்மெண்டிலும் பில்லிலும் காட்டுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் அதைத் தீர்த்துவிட அவர்களுக்கே வரிக் காரணம் இருக்கிறது. அந்த வலுவான வாதத்தை ஒரு பொங்கல் வாழ்த்தின் அடியில் வைத்து வீணாக்க வேண்டாம்.

தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ4 தாளின் பாதி அளவே இதற்குப் போதும்; ஒருபுறம் தமிழ், மறுபுறம் ஆங்கிலம் அச்சிட்டால் புனேக்கும் ஓசூருக்கும் ஒரே தாளை அனுப்பலாம். தாளை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். மாதக் காலண்டரைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்புகிறவர்கள் கடிதத்தையும் அதற்குள்ளேயே சுருட்டி வைத்துவிடுகிறார்கள். ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் அப்படி வந்த குழாயைப் பிரிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். காலண்டரை ஒரு கையால் உருவினார், குழாயை மறு கையால் அட்டைப்பெட்டிக் குவியலில் எறிந்தார். கடிதம் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அதோடேயே போய்விட்டது. நீங்கள் டைரியும் சேர்த்து அனுப்புவதால், கடிதத்தை ஒரே மடிப்பாக மடித்து, டைரியின் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில், மேல் விளிம்பு ஒரு விரற்கடை வெளியே தெரியும்படி வையுங்கள். ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம். பிரிக்கும்போது டைரியின் முதல் பக்கம் கிழியும், அங்கேதான் உங்கள் தொடர்பு எண் இருக்கிறது.

சரக்கு லாரியிலேயே காலண்டரையும் ஏற்றி அனுப்பிக் கூரியர் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். அருகில் உள்ள வாடிக்கையாளர்களுக்கு அது நல்ல யோசனைதான், ஒரு நிபந்தனையோடு. ஸ்டோரில் இருப்பவர் லாரியில் உள்ளதையும் இன்வாய்ஸில் உள்ளதையும் வரி வரியாக ஒத்துப் பார்ப்பார்; இன்வாய்ஸில் இல்லாத ஒரு பெட்டி இருந்தால் முழுச் சரக்கையும் வாசலில் நிறுத்திவிடுவார். காலண்டர் பெட்டிக்குத் தனியாக ஒரு டெலிவரி சலான் போட்டு, ‘விலையில்லை, திருப்பத் தேவையில்லை’ என்று அதில் எழுதி, டிரைவரிடம் இன்வாய்ஸோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள்.

உங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பரிசாகக் கொடுத்துவிட்ட பொருளுக்குச் செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள சிஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு இடம் தருவதில்லை. அச்சகத்துக்குக் கட்டிய வரியை நீங்கள் கழித்திருக்கிறீர்களா, காலண்டரை விளம்பரச் செலவாக எழுதுகிறீர்களா பரிசாக எழுதுகிறீர்களா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கடிதத்தில் நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டீர்கள் என்பதால் வரி மாறிவிடாது. ஆனால் கணக்கில் ஒரு பெயரும் கடிதத்தில் இன்னொரு பெயருமாக இருந்தால் பிறகு விளக்கம் சொல்லும் வேலை உங்கள் தலையில் விழும்.

அனுப்ப வேண்டிய நாளைப் பொறுத்தவரை, டிசம்பர் 15க்குள் எல்லா உறைகளும் கூரியருக்குப் போய்விட வேண்டும். பல ஆலைகள் ஆண்டின் கடைசி வாரத்தில் பராமரிப்புக்காகவும் சரக்கு இருப்பு எடுப்பதற்காகவும் மூடியிருக்கும். அந்த வாரத்தில் போகும் பார்சல் தபால் பிரிவில் குவியலாகக் கிடந்து, ஜனவரி பத்துத் தேதிக்குத்தான் மேசைக்கு வரும். அதற்குள் சுவரில் வேறு காலண்டர் ஏறியிருக்கும், பொங்கல் விடுமுறை பற்றி நீங்கள் சொன்ன செய்தியும் காலாவதியாகியிருக்கும். ஏதோ காரணத்தால் தாமதமாகிவிட்டால், விடுமுறைப் பத்தியை மட்டும் அதே நாளில் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலண்டர் பிறகு போய்ச் சேரட்டும்.

ஓசூரில் திரும்பி வந்த ஆறு பேருக்கும் உறையை அனுப்புவதற்கு முன், அந்த நிறுவனங்களின் கொள்முதல் அலுவலகத்தை நீங்களே தொலைபேசியில் அழைத்து, ‘போன வருஷம் எங்கள் காலண்டர் பார்சல் வாசலில் திரும்பிவிட்டது, நிறுவனப் பெயர் போட்ட காலண்டரும் டைரியும் வாங்குவதுண்டா, எந்தத் துறையின் பெயரில் அனுப்ப வேண்டும்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே தேதியோடு குறித்து வையுங்கள். வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு அனுப்பாமல் மிஞ்சும் காலண்டர்களை, டிசம்பர் கடைசியில் புதிதாக ஆர்டர் கொடுப்பவர்களுக்காக எடுத்து வைத்துக்கொள்ளலாம். இதே கடிதத்தின் இருபது படிகளையும் பெயர் போடாமல் அவற்றோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.